மேலதிகமாக வந்த சம்பளம்: திருப்பிக் கேட்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

தனியார் நிறுவனம் ஒன்றில் வேலைசெய்யும் ஒருவரின் சம்பளம் 48,000 ரூபா. ஜனவரியில் கிடைத்த 3,000 ரூபா சம்பள ஏற்றம் தவறுதலாக இரண்டு தடவை பதியப்பட்டதால், ஓகஸ்ட் வரை மாதம் 51,000 ரூபா கணக்கிடப்பட்டது. தவறு தெரியவந்ததும் இப்படி ஓர் அறிவித்தல் வருகிறது:

"உமக்கு மேலதிகமாக வழங்கப்பட்ட ரூபா 24,000 அடுத்த மாதச் சம்பளத்தில் முழுமையாக அறவிடப்படும்."

தவறு யாருடையது என்று இதில் இல்லை. படிப்பவர் தன்மீது குற்றம் சுமத்தப்படுவதாகவே நினைப்பார். தொகையும் பிழை. எட்டு மாதங்களுக்கு 3,000 வீதம் 24,000 தான். ஆனால் அதில் 8 வீதம், அதாவது 1,920 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்காக ஏற்கனவே கழிக்கப்பட்டுவிட்டது. ஊழியரின் கைக்கு வந்தது 22,080 ரூபா மட்டுமே. நிதிக்குக் கூடுதலாகப் போன பணத்தைச் சீர்செய்வது நிறுவனத்தின் பொறுப்பு.

சரியான தேறிய சம்பளம் 44,160 ரூபா. அதில் 24,000 போனால் மிஞ்சுவது 20,160. வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் அதற்குள் சமாளிக்க முடியாது.

அதே விடயத்தை இப்படி எழுதலாம்:

"அன்புடையீர்,
ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உங்கள் சம்பள ஏற்றம் எமது கணக்குப் பகுதியின் தவறால் இருமுறை சேர்க்கப்பட்டுள்ளது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சேமலாப நிதிக் கழிவு நீங்கலாக நீங்கள் கூடுதலாகப் பெற்றது 22,080 ரூபா. மாதவாரிக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.

செப்டெம்பர் முதல் உங்கள் தேறிய சம்பளம் 46,920 இலிருந்து 44,160 ரூபாவாகும். மேலதிகத் தொகையை நவம்பரிலிருந்து மாதம் 1,840 ரூபா வீதம் 12 தவணைகளில் கழிக்க முன்மொழிகிறோம். வட்டி கிடையாது. அக்காலத்தில் கைக்கு வருவது 42,320 ரூபா.

கணக்கு பிழையென்றாலோ தவணை கடினமென்றாலோ 14 நாட்களுக்குள் தெரிவியுங்கள். உங்கள் எழுத்துமூலச் சம்மதம் கிடைத்த பின்னரே கழிவு தொடங்கும்."

தவணை நவம்பரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சம்பளம் திருத்தப்படும் செப்டெம்பரிலேயே 2,760 ரூபா குறைகிறது. தவணையும் அதே மாதம் சேர்ந்தால் ஒரேயடியாக 4,600 ரூபா குறைந்துவிடும். இடையில் விடும் இரண்டு மாதங்கள் குடும்பம் செலவைச் சரிப்படுத்த உதவும்.

இத்தகைய கடிதம் உங்களுக்கு வந்தால், கையொப்பமிட முன் பழைய சம்பளச் சிட்டைகளை எடுத்து, கூடுதலாகக் கைக்கு வந்த தொகையை மாதமாதமாகக் கூட்டிப் பாருங்கள். கடிதத்திலுள்ள தொகை அதைவிட அதிகமாக இருந்தால் விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள். சம்மதமின்றிக் கழித்தால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தை நாடலாம்.