கடல் கடந்த வருமானமும் வரியும்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் சிங்கப்பூரில் பணியாற்றிவிட்டு 2022 ஜூன் தொடக்கத்தில் திருச்சிக்குத் திரும்பினார். அங்கு அவருக்குச் சொந்தமான அடுக்ககம் வாடகைக்கு விடப்பட்டுள்ளது. வங்கியில் வைப்புத்தொகையும் உண்டு. அண்மையில் அவர் கேட்டார்: 'வாடகைக்கு அங்கேயே வரி கட்டிவிட்டேன். வட்டிக்கு அங்கு வரியே கிடையாது. ஒரு ரூபாயைக்கூட இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை. பிறகு இங்கு எதற்கு வரி, ஐயா?'

விடை, இரு நாடுகளும் பின்பற்றும் இருவேறு கொள்கைகளில் இருக்கிறது.

வருமானம் எந்த மண்ணில் விளைந்தது என்று பார்ப்பது ஒரு கொள்கை. சிங்கப்பூர் ஏறத்தாழ இவ்வழியில் செல்கிறது. அங்கு வசிக்கும் தனிநபர் வெளிநாட்டில் ஈட்டி அங்கு கொண்டுவரும் வருமானத்துக்கு, கூட்டாண்மை நிறுவனங்கள் வழியே வருவது போன்ற சில விலக்குகள் தவிர, 2004 முதல் வரியில்லை. ஈட்டியவர் எங்கு வசிக்கிறார் என்று பார்ப்பது மற்றொன்று. இந்தியா இரண்டாவது வழியில் நிற்கிறது. முழுமையான உள்நாட்டவர் உலகின் எந்த மூலையில் ஈட்டினாலும் அது இங்கு வரிக்கு உரியது. பணத்தை இங்கு கொண்டுவந்தாரா என்பது கேள்வியே அல்ல. தாயகம் திரும்புவோர் பலர் இடறுவது இங்குதான்.

ஆயினும் திரும்பிய நாளிலேயே இந்தச் சுமை ஏறிவிடுவதில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இடைநிலை ஒன்றை வகுத்தது. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாள்களுக்கு மேல் தங்காதிருந்தாலோ, அவர் 'சாதாரணமாக வசிக்காத' உள்நாட்டவர். அவருடைய வெளிநாட்டு வாடகைக்கும் வட்டிக்கும் இங்கு வரியில்லை. இங்கிருந்து நடத்தப்படும் வெளிநாட்டுத் தொழிலின் வருமானத்துக்கு மட்டும் உண்டு.

மாணவரின் கணக்கைப் பார்ப்போம். 2022-23, 2023-24 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் முதல் நிபந்தனை நிறைவேறியதால் அவருக்குச் சலுகை கிடைத்தது. 2024-25இல் அந்த நிபந்தனை பொய்த்தது. முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டில் மட்டுமே அவர் வெளிநாட்டவர். திரும்பிய பின் தங்கிய நாள்களையும், முன்பு ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பில் வந்த நாள்களையும் கூட்டினால் 800ஐத் தொடுகிறது. ஆகவே, இரண்டாவது நிபந்தனையும் பொய்த்தது. 2024 ஏப்ரல் முதல் அவருடைய சிங்கப்பூர் வருமானம் முழுவதும் இந்திய வரி வலைக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் ஒரே வாடகைக்கு இரண்டு வரியா? இல்லை. இருநாட்டு ஒப்பந்தப்படி, சொத்து இருக்கும் நாடு வாடகைக்கு வரி விதிக்கலாம். இந்தியா அதை வரவு வைத்துக் கழித்துவிடும். செலவுகள் போக வாடகை 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். அங்கு வசிக்காதவருக்குச் சிங்கப்பூர் விதிக்கும் வரி 24 விழுக்காடு, அதாவது 2.40 லட்சம். இந்திய வரி 30 விழுக்காடு எனில், மேல்வரி நீங்கலாக, 3 லட்சம். இங்கு அவர் கட்டவேண்டியது வேறுபாடான 60,000 ரூபாய் மட்டுமே. மாறாக, இங்கு அவருடைய வரி விகிதம் 20 விழுக்காடாக இருந்தால் இந்திய வரி 2 லட்சம்தான். வரவும் அந்த அளவோடு நின்றுவிடும். கூடுதலாக அங்கு கட்டிய 40,000 ரூபாயை இந்தியா திருப்பித் தராது.

வட்டியின் கதை வேறு. அங்கு வங்கி வைப்புத்தொகை வட்டிக்குத் தனிநபரிடம் வரி வாங்குவதில்லை. கட்டாத வரிக்கு வரவு ஏது? 4 லட்சம் வட்டிக்கு 30 விழுக்காட்டில் 1.20 லட்சம் ரூபாயை முழுவதுமாக இங்கு கட்டவேண்டும். 'அங்கு வரியில்லை' என்ற சலுகை, உள்நாட்டவரான பின் கரைந்துவிடுகிறது.

வரவு தானாகவும் வராது. 67ஆம் எண் படிவத்தையும் அங்கு வரி கட்டியதற்கான சான்றையும் உரிய காலத்தில் அளிக்கவேண்டும். வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் வீட்டையும் வங்கிக் கணக்கையும் குறிப்பிடவேண்டும். வரி பாக்கி இல்லாவிட்டாலும், இதை மறைத்தால் 2015ஆம் ஆண்டு கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

இது நியாயமா என்று மாணவர் கேட்டார். திருச்சி வங்கியில் 4 லட்சம் வட்டி பெறும் அவருடைய அண்டை வீட்டாரும் வரி கட்டுகிறார். இருவரும் ஒரே சாலையில், ஒரே அரசின் சேவையில் வாழ்கிறார்கள். வைப்புத்தொகை கடல் கடந்து இருப்பதாலேயே ஒருவரை விடுவித்தால், வசதியுள்ளோர் எல்லோரும் பணத்தை வெளியே வைக்கவே விரும்புவர். இந்தியாவின் வழியே நியாயம் என்பது என் கருத்து. ஆனால், சலுகை முடியும் ஆண்டைத் திரும்புவோரே நாள் எண்ணிக் கண்டுபிடிக்கும் நிலை சரியன்று. கடவுச்சீட்டுப் பதிவுகள் அரசிடம் இருக்கின்றன. உரிய நேரத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்புவது அரசுக்குக் கடினமன்று.

மாணவர் இப்போது விடுபட்ட ஆண்டின் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.