ஆளுக்கா, முடிவுக்கா? இந்தியச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை உருவான வரலாறு

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர், பிள்ளைக்கு 18 வயது முடிந்த பிறகும் தாங்களே அதன் கார்டியன் என்று நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் மைனர்களுக்கானவை. 18 வயது நிரம்பியதும் தாய் தந்தையரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை தானாக முடிந்துவிடுகிறது. குடும்ப ஓய்வூதியத்துக்காக வங்கிக்கோ, பாகப்பிரிவினைக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போகும்போதுதான் இது பெரும்பாலும் தெரியவருகிறது. அங்கே கேட்கப்படும் முதல் காகிதம் பாதுகாவலர் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் ஒரு மனிதர்மேல் எவ்வளவு அதிகாரம் தருகிறது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் கடந்த 160 ஆண்டுகளில் வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது. அந்த மாற்றத்தின் தடத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

தொடக்கத்தில் சட்டத்தின் கவலை சொத்தைப் பற்றியதாகவே இருந்தது. 1858இல் பிரிட்டிஷ் அரசு மனநிலை தொடர்பான மூன்று சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது. அவற்றில் இரண்டு, தன் சொத்தைத் தானே நிர்வகிக்க இயலாதவரின் உடைமைகளை நீதிமன்றம் எப்படி விசாரித்து யாரிடம் ஒப்படைப்பது என்பது பற்றியவை. மூன்றாவது, மனநலக் காப்பகங்கள் பற்றியது. இவற்றின் வழிவந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவரையும் இடையில் மனநோய் வந்தவரையும் ஒரே வரையறைக்குள் சேர்த்தது. உறவினர் மனுச் செய்வார், நீதிமன்றம் விசாரிக்கும். இயலாதவர் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், அவருடைய உடலைப் பேண ஒருவரும் சொத்தை நிர்வகிக்க ஒருவரும் நியமிக்கப்படலாம். முழுப் பாதுகாவலர் முறை என்று இன்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான். விசாரணை மனிதரைப் பற்றியது. அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று தீர்மானித்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா முடிவுகளும் அவர் கையைவிட்டுப் போய்விடும்.

அதே காலத்தில் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம் வேறு விதமாக யோசித்தது என்பது கவனத்துக்குரியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலன்மேல் அதன் விளைவு என்னவென்று எடைபோட முடிகிறதா என்று மட்டும் கேட்கிறது. நேற்று முடியாதவருக்கு இன்று முடியலாம். பெரிய வணிக ஒப்பந்தம் புரியாதவருக்கு வாடகைப் பேச்சு புரியலாம். முடிவுக்கு முடிவு ஆற்றலை அளக்கும் இந்தப் பார்வை பாதுகாவலர் சட்டத்துக்குள் நுழைய மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அது தன் வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை வெளியே வைத்தது. குறைபாடு நோயாகாது என்பதால் அது சரியான பிரிப்பே. ஆனால் அதனால் எதிர்பாராத ஒரு வெற்றிடம் உண்டானது. பழைய சட்டம் நீக்கப்பட்டது, புதிய சட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, 1890ஆம் ஆண்டுச் சட்டமோ மைனர்களோடு நின்றுவிட்டது. வயதுவந்த அறிவுசார் மாற்றுத்திறனாளிக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தெளிவான சட்டவழி இல்லாமல் போனது. தங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையின் நிலை என்ன என்ற பெற்றோர்களின் அச்சமும் அவர்களுடைய தொடர் முயற்சியும் சேர்ந்தே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தன.

அந்தச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உள்ளடக்கியது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். இந்தச் சட்டம் முழுப் பாதுகாவலர் முறையின் சட்டம் என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் அதன் 14ஆவது பிரிவு, குழு இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்கிறது: இவருக்குப் பாதுகாவலர் தேவையா? தேவையென்றால் எந்தெந்த நோக்கங்களுக்காக? இரண்டாம் கேள்வியை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உண்மையாகவே கேட்டிருந்தால், வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை 1999இலேயே தொடங்கியிருக்கும் என்பது என் கருத்து. சட்டம் காலவரம்பு எதையும் சொல்லாததால், ஒருமுறை வாங்கிய சான்றிதழை ஆயுளுக்கும் எல்லாக் காரியத்துக்கும் செல்லும் ஆவணமாகக் குடும்பங்களும் அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன. 2007இல் ரிசர்வ் வங்கி, உள்ளூர்க் குழுவின் சான்றிதழைக் கணக்கு தொடங்கவும் இயக்கவும் ஏற்கலாம் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. சான்றிதழின் பயன்பாடும் அதோடு விரிந்தது.

அந்தச் சட்டத்தில் கண்காணிப்பு இல்லாமலில்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் பாதுகாவலர் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கப்படலாம். காணாமல்போன பணத்தை இந்த ஏற்பாடு கண்டுபிடிக்கும். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எடுக்கப்பட்ட முடிவை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

கேட்கப்படாத அந்த வார்த்தையின் எடை 2009இல் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, பெற்றோர் இல்லாத இளம்பெண் அவர். அறிவுசார் குறைபாடு உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்தார். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்க உத்தரவிட்டது. ஆனால் அதே வழக்கில் நியமிக்கப்பட்ட நிபுணர் குழு அவரைச் சந்தித்தபோது, குழந்தை வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு என்று இன்று அறியப்படும் இந்த வழக்கில், கே.ஜி.பாலகிருஷ்ணன், பி.சதாசிவம், பி.எஸ்.சௌகான் ஆகியோர் கொண்ட அமர்வு அந்த உத்தரவை ஜூலையில் நிறுத்திவைத்து, ஆகஸ்டில் காரணங்களோடு தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் தர்க்கம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ஆதரவற்ற அவருக்குச் சண்டிகர் நிர்வாகமே பாதுகாவலர் என்ற வாதத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. பாதுகாவலர் என்பதால் இந்த முடிவையும் அவருக்காக எடுத்துவிடலாம் என்பதைத்தான் மறுத்தது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், மனநோய் உள்ள பெண்ணுக்காகப் பாதுகாவலர் சம்மதம் தரலாம் என்று வைத்துக்கொண்டு, அறிவுசார் குறைபாட்டை அந்த விதிவிலக்கிலிருந்து நீக்கியிருந்தது. ஆகவே சம்மதம் அவரிடமிருந்தே வர வேண்டும். ஒருவருக்குப் பாதுகாவலர் இருப்பது ஒன்று, குறிப்பிட்ட ஒரு முடிவு அந்தப் பாதுகாவலரின் கையில் இருப்பது வேறொன்று. இந்தப் பிரிப்பை ஒரு வழக்கில் கண்கூடாகச் செய்துகாட்டியது இத்தீர்ப்பு.

இதற்கிடையே இந்தியா 2007இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்திருந்தது. வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. அந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற வந்ததுதான் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 14ஆவது பிரிவில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை முழு வடிவம் பெற்றது. போதிய உதவி கொடுத்துப் பார்த்தும் சட்டப்படி செல்லும் முடிவை ஒருவரால் எடுக்க முடியாதபோதுதான் மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவித்த அதிகாரியோ பாதுகாவலரை நியமிக்கலாம். நியமனம் குறிப்பிட்ட முடிவுக்கும் சூழலுக்கும் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். முடிவு இருவரும் கலந்து எடுப்பது. மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டியே அது அமைய வேண்டும். வேறு சட்டங்களின்கீழ் முன்பு நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்முதல் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்களாகவே செயல்படுவதாகக் கருதப்படுவார்கள்.

நடைமுறையில் இதன் பொருளை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு குடும்பம். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாய், இரண்டு மகன்கள், அறிவுசார் குறைபாடுள்ள 34 வயது மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச் சொத்தான வீட்டில் நால்வருக்கும் கால் பங்கு. மகளுக்கு வீடு யாருடையது, விற்றால் என்ன ஆகும் என்பது புரியும். அம்மாவோடுதான் இருப்பேன் என்று திடமாகச் சொல்வாள். லட்சக் கணக்கில் விலையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அவளால் முடியாது.

பழைய வழியில் மூத்த அண்ணன் சான்றிதழ் வாங்கித் தங்கை சார்பில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். வேலை முடிந்துவிடும், ஆனால் காகிதம் அவரிடமே இருக்கும். அவள் எங்கே தங்க வேண்டும், அவள் பங்குப் பணத்தை எதில் போட வேண்டும் என்பதற்கும் நாளை அதையே நீட்டலாம். புதிய வழியில் மனுவே வேறு மாதிரி எழுதப்படும். அவளுக்கு முதலில் என்ன உதவி செய்யப்பட்டது? வீட்டுக்கே அழைத்துப்போய், எளிய சொற்களில், வெவ்வேறு நாட்களில் விளக்கப்பட்டதா? அவள் என்ன சொன்னாள்? இவை மனுவில் இடம்பெற வேண்டும். கோரும் அதிகாரம் இந்தக் கால் பங்கை விற்பதற்கும் தொகையை அவள் பெயரில் வைப்பதற்கும் மட்டும். பத்திரப் பதிவோடும் வைப்போடும் அது முடிந்துவிடும். எங்கே வாழ்வது என்பதை அவளால் சொல்ல முடிகிறது, ஆகவே அது உத்தரவுக்குள் வரவே கூடாது.

பாதுகாவலர் யார் என்பதும் மாறுகிறது. வெளியார் ஒருவருக்கு எல்லோரும் சேர்ந்து விற்கும்போது, உறவினர் என்ற ஒரே காரணத்தால் அண்ணனுக்கு நல முரண் இருப்பதாகச் சட்டம் ஊகிப்பதில்லை. அண்ணனே அவள் பங்கை வாங்குகிறார் என்றால் முரண் கண்முன் நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி அந்தப் பரிவர்த்தனையில் அவர் விலகியே ஆக வேண்டும். தனக்கு உதவுபவரை மாற்றவோ நீக்கவோ தங்கைக்கும் உரிமை உண்டு. அந்த மாற்றம் அன்றிலிருந்துதான் செல்லும், முன்பு மூன்றாம் நபரோடு முடிந்த பரிவர்த்தனையைக் கலைக்காது. வீட்டை வாங்குபவரின் அச்சத்துக்கு இதுவே பதில்.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட பிறகும் பழைய முறை உள்ளே நுழைய வழிகள் இருக்கின்றன. 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. பழைய சான்றிதழ்களின் வாசகமும் மாறவில்லை. அவற்றைக் கையில் வாங்கும் வங்கி ஊழியருக்குக் காகிதத்தில் உள்ளதுதான் தெரியுமே தவிர, சட்டம் அதன் பொருளைச் சுருக்கிவிட்டது தெரியாது. புதிய உத்தரவுகளிலும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. "உடல் மற்றும் சொத்து தொடர்பான அனைத்துக் காரியங்களுக்கும்" என்று எழுதி, முடிவு தேதி இல்லாமல், அந்த மனிதரைக் கேட்டதற்கான ஒரு வரியும் இல்லாமல் ஓர் உத்தரவு இருந்தால், தலைப்பு என்னவாக இருந்தாலும் அது முழுப் பாதுகாவலர் உத்தரவுதான்.

இன்னொரு வழியைச் சட்டமே திறந்துவைத்திருக்கிறது. தேவைப்படுவோருக்கும், திரும்பத் திரும்ப வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் தேவைப்படும் நிலையிலும் "முழு ஆதரவு" வழங்கலாம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவின் காப்புரை. பேச்சோ சைகையோ கொண்டு எதையும் தெரிவிக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்களை ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீதிமன்றப் படியேற்றுவது கொடுமை என்பதை நானும் ஏற்கிறேன். மறுபுறம், ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கும் எந்த ஏற்பாடும் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவோடு ஒத்துப்போகாது என்று 2014இல் விளக்கமளித்தது. முழு ஆதரவு என்பதை அந்த விளக்கத்தோடு பொருத்திப் பார்த்தால் இடைவெளி தெரிகிறது.

இடைவெளியைக் குறைக்கச் சட்டம் வைத்திருக்கும் பிடி மறு ஆய்வு. முழு ஆதரவு வழங்கும்போது, அதன் தன்மையையும் முறையையும் நீதிமன்றமோ அறிவிக்கப்பட்ட அதிகாரியோ மறு ஆய்வு செய்ய வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எனவே மனுச் செய்யும் குடும்பமும் அவர்களுடைய வழக்கறிஞரும் மறு ஆய்வுத் தேதியை உத்தரவிலேயே குறிப்பிடுமாறு கேட்டுப் பெற வேண்டும். அந்தத் தேதியில் பாதுகாவலரின் கணக்கோடு அந்த மனிதரும் நேரில் வர வேண்டும் என்றும் எழுதி வாங்க வேண்டும்.