வீட்டில் வாயாடி, வகுப்பில் மௌனம்: 'செலக்டிவ் மியூட்டிசம்' என்றால் என்ன? ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

காலையில் வருகைப் பதிவு எடுக்கும் நேரம். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்று குரல்கள் வரிசையாக வருகின்றன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. அந்தக் குழந்தை வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. "டீச்சர், அவ பேச மாட்டா" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்கிறது.

இதையே அம்மாவிடம் சொன்னால் அவர் நம்ப மாட்டார். "வீட்டுல வாயே மூட மாட்டாளே, மிஸ்!" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

வீட்டில் சரளமாகப் பேசும் ஒரு குழந்தை, பள்ளி போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தொடர்ந்து பேச முடியாமல் போவதை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்கிறார்கள். இது பிடிவாதம் அல்ல, பதற்றம் சார்ந்த ஒரு பிரச்னை. இதை எப்படி அடையாளம் காண்பது, வகுப்பில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

குழந்தை வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறதா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். 1934-ல் மோரிட்ஸ் டிராமர் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் இதற்கு 'எலெக்டிவ் மியூட்டிசம்' என்று பெயர் வைத்தார். குழந்தை தானாக விரும்பி மௌனத்தைத் தேர்வு செய்கிறது என்ற பொருள் அதில் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் 1994-ல் அதை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று மாற்றியது. 2013-ல் வந்த கையேட்டில் இது பதற்றக் கோளாறுகளின் பட்டியலுக்கே மாற்றப்பட்டது.

சொல்ல வேண்டிய பதில் குழந்தையின் மனதில் தயாராக இருக்கும். ஆனால் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். முகம் உணர்ச்சியில்லாமல் இறுகிவிடும், உடம்பு விறைக்கும். இதைப் பார்க்கும் பெரியவர்கள் 'திமிர்' என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது பயத்தில் உறைந்துபோன முகம்.

கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கூச்சமுள்ள குழந்தை முதலில் தயங்கும், நாளாக நாளாகப் பழகிவிடும். செலக்டிவ் மியூட்டிசத்தில் நாள் ஆனாலும் மௌனம் அப்படியே நிற்கும். பேசாத நிலை குறைந்தது ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கில் எடுப்பதில்லை. ஏனென்றால் புது இடத்தில் பல குழந்தைகளும் அப்படித்தான் இருப்பார்கள்.

மொழியையும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்து தமிழ் வழி வகுப்பில் சேர்ந்த குழந்தை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். புது மொழி பழகும்போது இது இயல்பு. ஆனால் தன் தாய்மொழி பேசும் நண்பன் பக்கத்தில் இருந்தும், பள்ளிக்குள் அந்த மொழியில்கூட ஒரு வார்த்தை வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. குழந்தை வீட்டில் பேசும் ஒரு வீடியோவை போனில் எடுத்துவரும்படி பெற்றோரிடம் கேட்கலாம். பேச்சு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வீட்டிலும் பேச்சு குறைவாகவோ தெளிவில்லாமலோ இருந்தால், முதலில் காது கேட்கும் திறனையும் பேச்சு வளர்ச்சியையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த வீடியோவை வகுப்பில் யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது. குழந்தையின் நம்பிக்கை உடைந்துவிடும்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்?

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்பது, பதில் சொல்லும் வரை நிற்க வைப்பது, "பேசினா சாக்லேட் தர்றேன்" என்று எல்லோர் முன்னாலும் ஆசை காட்டுவது... இந்த மூன்றும் குழந்தைக்கு ஒன்றுதான். எல்லாமே 'இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்ற பயத்தைக் கூட்டுகின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டீச்சர் கேள்வி கேட்கிறார், குழந்தை உறைகிறது, பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லிவிடுகிறது. குழந்தைக்கு 'அப்பாடா' என்று இருக்கும். பேசாமல் இருந்தால் பயம் விலகும் என்ற பாடத்தை மனது கற்றுக்கொள்கிறது. தினமும் இப்படி நடக்கும்போது மௌனம் பழக்கமாக இறுகிவிடும். அதனால் அழுத்தத்தை எடுக்க வேண்டும், அதே நேரத்தில் பேசுவதற்கான கதவையும் மூடிவிடக்கூடாது.

இதில் படிப்பு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். கீழே விழுந்து அடிபட்டாலும், யாராவது அடித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பில் முதலில் மாற்ற வேண்டியவை

முதல் வேலை, குழந்தையிடம் தனியாக ஒருமுறை பேசுவது. "உனக்குப் பேசத் தெரியும்னு எனக்குத் தெரியும். இங்க பேசறது கஷ்டமா இருக்குன்னும் தெரியும். அவசரமே இல்ல, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்று சொன்னால் போதும். எந்த நிமிடம் கேள்வி வருமோ என்ற பயம் பாதி குறையும்.

அடுத்தது கழிவறை. ஒரு சின்ன அட்டையை மேஜை ஓரத்தில் வைத்து, அதை எடுத்துக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வகுப்பு முழுவதற்கும் விதியாக்கிவிடலாம். வருகைப் பதிவுக்கும் இதேபோல எல்லோரும் தங்கள் பெயர் எழுதிய குச்சியை டப்பாவில் போடச் சொல்லலாம். எல்லோரும் செய்யும்போது அந்த ஒரு குழந்தை தனித்துத் தெரியாது.

பேசும் முறையிலும் மாற்றம் தேவை. எதிரில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை செய்யும் வேலையைப் பார்த்துப் பேச வேண்டும். "என்ன வரையற?" என்று கேட்பதைவிட, "ஓ, யானைக்குப் பெரிய காது வரைஞ்சிருக்க" என்று சொல்வது நல்லது. அதற்குப் பதில் தேவையில்லை என்பதால் குழந்தை இளகும்.

இளகிய பிறகு கேள்வி கேட்கலாம். "சிவப்பு வேணுமா?" என்றால் தலையாட்டினால் முடிந்துவிடும். "இப்ப என்ன செய்யப் போற?" என்பது அதிகப் பெரிய கேள்வி. "சிவப்பா, பச்சையா?" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்பதுதான் நடு வழி. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலும் நாம் இரண்டு நொடியிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். பதில் வரவில்லை என்றால் முகம் சுளிக்காமல், "சரி, இங்க வைக்கிறேன், வேணுங்கறத எடுத்துக்கோ" என்று நகர்ந்துவிட வேண்டும்.

பக்கத்துப் பிள்ளை "அவ பேச மாட்டா" என்று சொல்லும்போது, "பேசுவா. இங்க பேசக் கொஞ்சம் டைம் எடுக்குது, அவ்வளவுதான்" என்று திருத்துங்கள். 'பேசாத பொண்ணு' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால், பேச வேண்டும் என்று தோன்றும்போதுகூட அது தடுக்கும்.

குரலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது எப்படி?

இதற்குப் பேச்சு சிகிச்சை நிபுணர்கள் பயன்படுத்தும் ஒரு முறை 'ஸ்லைடிங் இன்'. குழந்தை ஏற்கெனவே சரளமாகப் பேசும் ஒருவரை வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சுக்குள் ஆசிரியர் மெல்ல மெல்ல நுழைவதுதான் இது. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் ஆறு வயதுச் சிறுமி, பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் கயலும் அம்மாவும் மட்டும் உட்காருகிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. இருவரும் மாறி மாறி ஒன்று முதல் பத்து வரை எண்ணுகிறார்கள். ஒன்று அம்மா, இரண்டு கயல், மூன்று அம்மா... என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதால் எண்ணுவது சுலபம். நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். ஆசிரியர் எப்போது, எதுவரை வருவார் என்று கயலிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. திடீரென்று நுழைந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

அடுத்த முறை கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆசிரியர் வராந்தாவில், பார்வையில் படாமல் நிற்கிறார். கயலின் குரல் குறையாவிட்டால், வாசலில் முதுகைக் காட்டி நிற்கிறார். பிறகு உள்ளே வந்து மூலையில் நோட்டு திருத்துகிறார். பிறகு பக்கத்து பெஞ்சு. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுவது மட்டும் நிற்காமல் நடக்கிறது.

குரல் சாதாரணமாக இருக்கும் ஒரு நாளில் ஆசிரியரும் வரிசையில் சேருகிறார். அம்மா ஒன்று, கயல் இரண்டு, டீச்சர் மூன்று. அதன் பிறகு அம்மா மெல்ல விலகி வாசலுக்கும், வராந்தாவுக்கும் போகிறார். கடைசியில் கயலும் டீச்சரும் மட்டும் எண்ணுகிறார்கள். பள்ளியில் டீச்சரிடம் கயல் பேசிய முதல் வார்த்தை 'இரண்டு' என்பதாக இருக்கலாம். அங்கிருந்து கிழமைகள், படம் பார்த்துப் பெயர் சொல்வது, சின்னக் கேள்வி என்று போய், பிறகு ஒரு தோழியை இதே முறையில் உள்ளே கொண்டுவரலாம்.

முதல் வார்த்தை வரும்போது கை தட்டாதீர்கள். "ஏய், கயல் பேசிட்டா!" என்று வகுப்பே திரும்பினால் அடுத்த வார்த்தை வர மாதங்கள் ஆகலாம். எதுவும் நடக்காததுபோல ஆட்டத்தைத் தொடருங்கள். பாராட்ட வேண்டும் என்றால் பிறகு தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

சரியாகப் போகவில்லை என்று எப்படித் தெரியும்?

குரல் கிசுகிசுப்பாக இறங்கினால், உடம்பு விறைத்தால், அந்தக் கட்டம் அவசரமாக வந்துவிட்டது என்று பொருள். ஒரு படி பின்னால் போய், அங்கே இன்னும் இரண்டு மூன்று முறை விளையாட வேண்டும். காலையில் வயிற்றுவலி என்று அழுவது, பள்ளிக்கு வர மறுப்பது ஆகியவையும் அழுத்தம் கூடியதற்கான அடையாளங்கள். சில குழந்தைகளுக்கு வாரங்களில் மாற்றம் தெரியும், சிலருக்கு முழுக் கல்வியாண்டும் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை நீளமாகச் செய்வதைவிட, மூன்று முறை கொஞ்ச நேரம் செய்வது பலன் தரும்.

டீச்சர் மாறும்போதும், அடுத்த வகுப்புக்குப் போகும்போதும் மௌனம் திரும்ப வரலாம். அதனால் கோடை விடுமுறைக்கு முன்பே புது ஆசிரியரை இதே விளையாட்டில் சேர்த்துவிடுவது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வகுப்பில் இவ்வளவு மாற்றியும் சில மாதங்களில் அசைவே இல்லை, வீட்டிலும் பேச்சு குறைகிறது, சாப்பிடவோ கழிவறைக்குப் போகவோ முடியவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். பேச்சு சிகிச்சை நிபுணர், குழந்தைகள் மனநல மருத்துவர் இருவரின் உதவியும் தேவைப்படலாம். பெரிய குழந்தைகளுக்கும், பல வருடங்களாக மௌனம் நீடிப்பவர்களுக்கும் சில நேரம் பதற்றத்தைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் பரிந்துரைப்பார்.

பள்ளிக்கு வரும் மாணவர் மருத்துவப் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாத பெற்றோர் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் எடுத்த அந்த வீடியோவைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை பேசாது. அவள் எப்படிப் பேசுவாள் என்பதை அந்த வீடியோதான் காட்டும்.