பாயசத்தில் யாருக்கு எத்தனை பங்கு?

இந்த எபிசோட் திருப்பாலைக்குடியில் ஆரம்பிக்குது. அங்கேயிருந்து கடலோரமா தெற்கே வந்தா தேவிபட்டினம், அப்புறம் ராமநாதபுரம். அதையும் தாண்டிச் சுமார் பத்து கிலோமீட்டர் போனா திருப்புல்லாணி. அங்கே ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயிலுக்குக் குழந்தை வேண்டி வரும் தம்பதிகள், நாகப் பிரதிஷ்டை செய்து, பெருமாளுக்குப் படைத்த பால் பாயசத்தை வாங்கிச் சாப்பிடுவாங்க. தசரதன் பிள்ளை வரம் கேட்டு வந்த இடம் இதுன்னு தல புராணம் சொல்லுது.

அந்தத் தசரதன் கதையைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம். வால்மீகி ராமாயணத்தில் வேள்வித் தீயிலிருந்து பாயசம் வருது. தசரதன் அதை மனைவிகளுக்குச் சமமா பிரிக்கலை. கோசலைக்குப் பாதி. மிச்சம் இருக்கிற பாதியில் பாதி, அதாவது கால் பங்கு, சுமித்திரைக்கு. அடுத்து கைகேயிக்கு அரைக்கால். கடைசி அரைக்காலை யோசிச்சு மறுபடியும் சுமித்திரைக்கே கொடுக்கிறான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததுக்கு அதுதான் காரணம். கம்பர் சொல்ற விதம் வேற. அவர் கதையில் பங்கு போட்ட பிறகு தட்டில் உதிர்ந்து கிடந்ததும் சுமித்திரைக்கே போகுது. அந்தத் துணுக்கிலிருந்து ஒரு பிள்ளை, சத்ருக்கனன்.

இந்தக் கதைக்குள்ள ரெண்டு விஷயம் ஒண்ணா இருக்கு. அருள்னு பார்த்தா, உதிர்ந்த துணுக்கும் முழுசுதான். ஆனா பங்குன்னு பார்த்தா, யாருக்கு முதலில், யாருக்கு அதிகம்னு ஒரு வரிசை இருக்கு.

முதல் விஷயம்தான் பிரசாதத்தோட அர்த்தம். படைக்கிற வரைக்கும் அது நைவேத்தியம். சாமி ஏற்றுக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் பிரசாதம். நம்ம ஊரில் அடுத்தவர் எச்சிலை யாரும் லேசில் சாப்பிட மாட்டாங்க. அம்மா தட்டில், பாட்டி தட்டில் மிஞ்சினதைச் சாப்பிடுவோம், ஏன்னா அவங்க நம்ம ஆள். சாமி உண்ட மிச்சத்தைச் சாப்பிடுறதும் அதே மாதிரி, "நான் உன் ஆள்"னு ஒத்துக்கிறது. அப்படின்னா அதைச் சாப்பிடுற எல்லாரும் சாமிக்குக் கீழே, ஒரே வரிசையில்தான் நிக்கணும்.

வரலாற்றில் அப்படி நடந்துச்சா? இதுக்குத் திருப்பதிக் கல்வெட்டுகளைப் பார்க்கணும். 15, 16ஆம் நூற்றாண்டுகளில், விஜயநகர ஆட்சிக் காலத்தில், ஒருத்தர் கோயிலுக்குப் பணம் கொடுத்தா, அதை வச்சுக் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டுவாங்க. விளைச்சல் கூடும். கூடுதலா வந்த வருமானத்தில் அவர் பேரில் சாமிக்கு அமுது படைப்பாங்க. படைத்த சோற்றில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதுக்குப் பேர் "விட்டவன் விழுக்காடு". விட்டவன்னா தானம் விட்டவன். விழுக்காடுன்னா பங்கு, இன்னைக்கு நாம சதவீதத்துக்குச் சொல்ற அதே சொல். மீதி முக்கால் பங்கு கோயில் அதிகாரிகளுக்கும் பணியாளர்களுக்கும் போகும்.

விட்டவன் தினமும் மலையேறி வந்து சாப்பிட முடியாது இல்லையா? அதனால அந்தப் பங்கை ஒரு மடத்துக்கோ வேறு ஒருத்தருக்கோ எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆக, அருளா வந்த சோறு கைமாறக்கூடிய ஒரு உரிமையாவும் ஆயிடுச்சு.

அதே உரிமை நல்ல வழியிலும் போயிருக்கு. சாளுவ நரசிம்மர் காலத்தில் கந்தாடை ராமானுஜ ஐயங்கார்னு ஒருத்தர் திருப்பதியில் ராமானுஜ கூடங்களை நடத்தினார். யாத்திரை வந்தவங்களுக்குச் சோறு போடும் இடம் அது. விட்டவன் பங்கு அந்தக் கூடத்துக்கு வந்தது. அது மூலமா பிராமணர் அல்லாத, சாத்தாத வைணவர்களுக்கும் பெருமாள் பிரசாதத்தில் பங்கு கிடைச்சது. கோயில் முறையை யாரும் உடைக்கலை. அதே கால் பங்கு வேற கைக்குப் போச்சு, அவ்வளவுதான்.

ஆனா அந்தக் கைகளும் எல்லார் கையும் இல்லை. பல சாதியினர் கோயில் வாசலையே தாண்ட முடியாம இருந்தாங்க. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு முழுமையான சட்டம் வந்தது 1947இல்தான். உள்ளே இருந்தவங்களுக்குள்ளேயும் தீர்த்தம் யாருக்கு முதலில், பிரசாதம் யாருக்கு முதலில்னு நீதிமன்றம் வரைக்கும் சண்டை போயிருக்கு. அந்த வழக்குகளில் யாரும் பசியால கேட்கலை. முதலில் நீளும் கை யாரோடதுங்கிறதுதான் கேள்வி.

திருப்புல்லாணிக்கே திரும்புவோம். அடுத்த தடவை எந்தக் கோயிலில் தொன்னை வாங்கினாலும், வாங்கின பிறகு ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்க. யாருக்குத் தட்டில் வச்சுக் கொடுக்கிறாங்க, யாருக்குக் கையில் போடுறாங்க, யாரைக் காத்திருக்கச் சொல்றாங்கன்னு பாருங்க. அந்த வரிசையைப் போட்டது சாமி இல்லை, பரிமாறுகிற கை. கம்பர் கதையில் கடைசியா உதிர்ந்து கிடந்த துணுக்கும் ஒரு பிள்ளையாச்சுங்கிறதை அப்போ நினைச்சுக்கோங்க.