பண்பாட்டேற்பு அழுத்தம்

பண்பாட்டேற்பு அழுத்தம் என்பது, ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த பண்பாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ நேரும்போது, புதிய மொழி, வழக்கம், சட்டம் ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்கும் முயற்சியில் உண்டாகும் உளநெருக்கடி ஆகும். இது நோயன்று. ஆனால் நெடுநாள் நீடித்தால் உடல்நலத்தையும் மனநலத்தையும் பாதிக்கக் கூடியது. இச்சொல்லை உளவியலில் நிலைபெறச் செய்தவர் கனடாவைச் சேர்ந்த ஜான் பெரி ஆவார். அதற்கு முன்னர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல்லைக் கையாண்டார். அதிர்ச்சி என்பது எதிர்மறைப் பொருளை மட்டுமே தருவதால், பெரி அச்சொல்லைத் தவிர்த்தார்.

நான்கு வழிகள்

குடிபெயர்ந்தோர் ஒவ்வொருவர் முன்னும் இரண்டு கேள்விகள் நிற்பதாகப் பெரி கருதினார். தம் பழைய பண்பாட்டைப் பேணிக்கொள்வதா என்பது முதலாவது. புதிய சமூகத்தாருடன் கலந்து பழகுவதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் 'ஆம்' என்று விடை கூறுவோரின் வழி ஒருங்கிணைவு எனப்படும். பழையதை விட்டுப் புதியதில் கரைவது தன்மயமாதல். பழையதை மட்டும் பற்றிக்கொண்டு விலகி வாழ்வது பிரிந்திருத்தல். இரண்டையும் இழந்து நிற்பது விளிம்புநிலை. ஒருங்கிணைவைக் கைக்கொண்டோரிடம் அழுத்தம் குறைவாகவும், விளிம்புநிலையில் உள்ளோரிடம் மிகுதியாகவும் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் செய்தி ஒன்றுண்டு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் குடிபெயர்ந்தவர் மட்டும் விடை சொல்வதில்லை. ஏற்கும் நாடும் விடை சொல்கிறது. கலந்து பழக விரும்புபவருக்கு வேலை செய்யும் உரிமையோ அடையாளச் சான்றோ இல்லையெனில், அவர் விரும்பாமலேயே பிரிந்திருப்பவர் ஆகிவிடுகிறார். சென்னையின் தென் புறநகரில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

கேளம்பாக்கத்தில் ரோகிங்கியர்

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, பழைய மாமல்லபுரம் சாலையைக் கேளம்பாக்கத்தில் சந்திக்கிறது. மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டு நிகழ்ந்த வன்முறைக்குப் பின்னர் இந்தியா வந்த ரோகிங்கிய முசுலிம் குடும்பங்கள் சில, கேளம்பாக்கத்திலுள்ள புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டன. ஏறத்தாழ இருபது குடும்பங்களே கொண்ட சிறு குழு அது. புயல் வீசும் சில நாள்களுக்கென எழுப்பப்பட்ட கட்டடம், ஆண்டுக்கணக்கில் அவர்களுக்கு வீடாகியது. ஆண்களில் பலர் பழைய தாள், நெகிழி, இரும்பு முதலியவற்றைச் சேகரித்து விற்றுப் பிழைத்தனர்.

இவர்களின் தாய்மொழியான ரோகிங்கியா, சிட்டகாங் வட்டார மொழிக்கு நெருங்கிய இந்தோ-ஆரிய மொழியாகும். தமிழோடு அதற்கு உறவில்லை. பெரியவர்கள் பிழைப்புக்குத் தேவையான அளவே தமிழ் கற்றனர். குழந்தைகளோ அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசத் தொடங்கினர். ஒரே குடும்பத்துக்குள் தந்தையும் மகளும் வெவ்வேறு வேகத்தில் புதிய பண்பாட்டை ஏற்கும் இந்நிலை, பண்பாட்டேற்பு இடைவெளி எனப்படுகிறது.

இவ்விடைவெளி எவ்வாறு அழுத்தமாகிறது என்பதைப் பொதுவான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாய்க்கு உடல்நலம் இல்லை. மருத்துவர் கேட்பது தாய்க்குப் புரிவதில்லை. பத்து வயது மகள் மொழிபெயர்க்கிறாள். மகளிடம் சொல்லத் தகாத உபாதைகளைத் தாய் மறைக்கிறார். மருத்துவரின் சொற்களில் பாதி மகளுக்குப் புரிவதில்லை. அன்று அவளுக்குப் பள்ளியும் போயிற்று. வீட்டில் முடிவெடுக்கும் இடம் மெல்ல மெல்லத் தந்தையிடமிருந்து, மொழி தெரிந்த குழந்தையிடம் நகர்கிறது. தந்தை இதனை மரியாதைக் குறைவாக உணர்கிறார்; குழந்தைக்கோ இது வயதுக்கு மீறிய சுமை. இங்கே எவரும் தவறு செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பெரியின் கேள்விகளை இக்குழுவிடம் வைத்துப் பார்த்தால் ஒற்றை விடை கிடைப்பதில்லை. உணவிலும் திருமணத்திலும் பழைய வழக்கம், பள்ளியில் தமிழ், தொழுகையில் உள்ளூர் முசுலிம்களோடு தோழமை. அதாவது ஒருவரே வாழ்வின் வெவ்வேறு களங்களில் வெவ்வேறு வழிகளைக் கைக்கொள்கிறார். சட்டத்தின் களத்தில் மட்டும் தேர்வு அவர்கள் கையில் இல்லை. மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கும் அட்டை குடியுரிமை ஆகாது. 2017-ஆம் ஆண்டு, சட்டவிரோதமாகக் குடியேறியோரை இனங்காணுமாறு நடுவண் அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. 2018 அக்டோபரில் அசாமிலிருந்து ஏழு ரோகிங்கியர் மியான்மருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இத்தகைய செய்தி தொலைவிலுள்ள முகாமிலும் அச்சத்தை விளைவிக்கக் கூடியது.

இதே புறநகரில், காட்டாங்கொளத்தூர் முதலிய இடங்களின் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவரும் பயில்கின்றனர். உணவும் மொழியும் தனிமையும் அவர்களையும் வருத்துவதுண்டு. ஆயினும் அவர்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. திரும்பிச் செல்லும் நாளும் தெரியும்.

இனங்காணுதல்

உறக்கமின்மை, காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். போரிலிருந்தோ வன்முறையிலிருந்தோ தப்பி வந்தவரிடம் இவற்றைக் காணும்போது, முன்பு நேர்ந்த கொடுமையின் விளைவு என்று மட்டும் கருதிவிடும் தவறு நேர்வதுண்டு. வேறுபாட்டை அறிய, அறிகுறி எப்பொழுது மிகுகிறது என்று கேட்க வேண்டும். கடந்தகால நிகழ்ச்சி கனவிலும் நினைவிலும் மீண்டும் மீண்டும் எழுமாயின் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையைச் சுட்டும். அட்டையைப் புதுப்பிக்கும் நாள், வாடகைக்கு வீடு தேடும் நாள், பள்ளியிலிருந்து அழைப்பு வரும் நாள் ஆகியவற்றை ஒட்டி மிகுமாயின் இன்றைய வாழ்வே காரணமாகலாம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. இரண்டாம் வகைக்கு மருந்தைக் காட்டிலும் மொழிபெயர்ப்பாளரும் வேலையும் சான்றிதழும் பயன் தரும்.

ஒரே மொழி பேசுவோரிடையே

பண்பாட்டுத் தொலைவு குறைந்தால் அழுத்தமும் குறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 1983-ஆம் ஆண்டு சூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு வந்த இலங்கைத் தமிழர் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. மொழி ஒன்றுதான், ஆனால் 'கதைத்தல்' என்றால் உரையாடுதல் என்பதும், 'பேசுதல்' என்றால் திட்டுதலையும் குறிக்கும் என்பதும் தமிழ்நாட்டார் பலர் அறியாதவை. 'ஓம்' என்று விடையிறுத்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். 1991 மே மாதம் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் இவர்கள் மீது ஐயமும் கண்காணிப்பும் பெருகின. அத்தகைய சூழலில் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்வதைத் தன்மயமாதல் என்பதா, தற்காப்பு என்பதா என்பது விவாதத்துக்குரியது. வெளியிலிருந்து நோக்குபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வினாப்படிவ ஆய்வுகளின் குறையும் இதுவே: ஒருவர் எதைச் செய்கிறார் என்பதை அவை பதிவு செய்கின்றன, விரும்பிச் செய்கிறாரா என்பதை எளிதில் அறிய முடிவதில்லை. மேலும், ஒருங்கிணைவால் அழுத்தம் குறைகிறதா, அழுத்தம் குறைந்தவரே ஒருங்கிணைகிறாரா என்ற ஐயமும் தீரவில்லை.

2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. எனினும் குடியுரிமை வழங்குவது நடுவண் அரசின் அதிகாரம் ஆகும். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கிசுத்தான், வங்காளதேசம், ஆப்கானிசுத்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே குறிப்பிடுகிறது. இலங்கையும் மியான்மரும் அதில் இடம்பெறவில்லை.