ஃபிஷரின் மரபணுவும் கார்ன்ஃபீல்டின் கணக்கும்

1950களின் இறுதியில், புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் ஒரு மறுப்பை எழுப்பினார். புகைப்போரிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுதி என்பதை அவர் மறுக்கவில்லை. புகையே அதற்குக் காரணம் என்பதைத்தான் ஏற்க மறுத்தார். புகைக்கும் நாட்டத்தையும் நோய்க்கு ஆட்படும் இயல்பையும் ஒரே மரபணு தந்திருக்கலாம் என்றார். ஒருகரு இரட்டையர் புகைப்பழக்கத்தில் பெரிதும் ஒத்திருப்பதைச் சான்றாகக் காட்டினார். அவர் அப்போது பிரிட்டனின் புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகர் என்பது உண்மையே. ஆயினும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சாராரைப் புகைக்கச் செய்ய இயலாதவரை, அளக்கப்படாத மாறி ஒன்று மறைந்திருக்க இடமுண்டு.

1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடன் ஐவரும் எழுதிய கட்டுரை, கேள்வியையே மாற்றியமைத்தது. அத்தகைய மாறி உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. இருந்தால் அது எத்துணை வலுவுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டனர்.

புகைப்போரின் நோய் இடர், புகைக்காதோரினதைப் போல் 9 மடங்கு. புகைக்கு எவ்விதத் தீங்கும் இல்லை, முழுப் பழியும் மறைமாறியையே சாரும் என்று கொள்வோம். அப்போது அம்மாறியை உடையோரின் விகிதம், புகைக்காதோரிடம் இருப்பதைப் போல் புகைப்போரிடம் குறைந்தது 9 மடங்கு இருந்தாக வேண்டும்.

புகைக்காதோரில் 10 விழுக்காட்டினரிடமும் புகைப்போரில் 90 விழுக்காட்டினரிடமும் அம்மரபணு உள்ளதாகக் கொள்க. அது நோய் இடரை 10 மடங்காக உயர்த்தினால், இரு சாராருக்கும் இடையே தோன்றும் வேறுபாடு (1 + 0.9 × 9) ÷ (1 + 0.1 × 9), அதாவது ஏறத்தாழ 4.8 மடங்கே. 20 மடங்காக உயர்த்தினாலும் 6.2 மடங்கையே எட்டும். புகைக்காதோரில் 12 விழுக்காட்டினரிடம் அது இருந்துவிட்டாலோ, புகைப்போர் அனைவரிடமும் இருந்தாலும் 9 மடங்கு வாராது.

இக்கணக்கு மறைமாறி இல்லையென மெய்ப்பிப்பதில்லை. அதன் மீது சுமத்தப்படும் பாரத்தை அளந்து காட்டுகிறது. அப்பாரத்தைத் தாங்கும் மாறி இயற்கையில் இருக்கக்கூடுமா என்பதைத் துறையறிவே தீர்ப்பளிக்க வேண்டும். தரவுத் தேர்விலோ அளவீட்டிலோ நேர்ந்த பிழைகளையும் இது பிடிக்காது. மேலும், கண்ட விளைவு 9 மடங்காக அன்றி 1.3 மடங்காக இருந்திருப்பின், மிதமான மறைமாறி ஒன்றே அதை அழித்திருக்கும்.

2008இல், 15ஆம் குரோமோசோமில் நிக்கோட்டின் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் அமைந்த பகுதியில் காணப்படும் மரபு வேறுபாடு, புகைப்பழக்கத்தோடும் நுரையீரல் புற்றுநோயோடும் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. ஃபிஷர் ஊகித்த வகையான மரபணு இருக்கவே செய்தது. ஆனால் நோயோடு அதற்குள்ள தொடர்பின் அளவு ஏறத்தாழ 1.3 மடங்கு. கார்ன்ஃபீல்டின் கணக்கு கோரியதோ ஒன்பது.