கடவுச்சீட்டிலிருந்து வசிப்பிடத்துக்கு: வெளிநாடு வாழ் இந்தியரின் பூர்விக நஞ்சை

தந்தை உயிரோடு இருக்கும்போது தம் நஞ்சையை, துபாயில் வேலை பார்க்கும் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. அதே நிலத்தை அதே மகனுக்கு உயில் எழுதிவைத்துவிட்டு அவர் இறந்துபோனால், மகன் அதைத் தடையின்றி அடையலாம். மகன் இந்தியக் குடிமகன்தான் என்பது இரண்டு நிலையிலும் மாறவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

நம் அரசியலமைப்பு நிலத்தை மூன்று கைகளில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வேளாண் நிலமும் அதன் கைமாற்றமும் மாநிலப் பட்டியலில் 18ஆம் இனம். உயிலும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் 5ஆம் இனம். அந்நியச் செலாவணி மத்தியப் பட்டியலில் 36ஆம் இனம். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் வாரிசுரிமை அதிகாரத்துக்கு ‘வேளாண் நிலம் நீங்கலாக’ என்ற வரம்பு இருந்தது. அந்த வரம்பினால்தான், 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் மாகாணங்களின் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. 1950இல் அந்தச் சொற்கள் கைவிடப்பட்டன. இன்று அயல்நாட்டில் இருக்கும் மகளுக்கும் தந்தையின் வயலில் பங்கு உண்டு என்றால், அதன் அடித்தளத்தில் இந்தச் சிறிய நீக்கமும் இருக்கிறது.

மூன்றாவது கையான அந்நியச் செலாவணிச் சட்டம் தொடக்கத்தில் கடவுச்சீட்டைத்தான் பார்த்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், 31ஆம் பிரிவில், இந்தியக் குடிமகன் அல்லாதவர் இங்கே அசையாச் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்றது. குடிமகன் எங்கே வசித்தாலும் அந்தப் பிரிவு அவரைத் தொடவில்லை. 1990இல் குவைத்திலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் ஊரில் இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கியிருந்தால், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் இந்தப் பிரிவு குறுக்கே நின்றிருக்காது.

2000 ஜூன் 1 அன்று அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அளவுகோல் மாறியது. புதிய சட்டம் குடியுரிமையோடு வசிப்பிடத்தையும் கேட்டது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ நாட்டை விட்டுப் போனவர், அதுவரை எத்தனை நாள் இங்கே இருந்திருந்தாலும், ‘இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்’ ஆகிவிடுகிறார். அதே ஆண்டு மே 3 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் விதிகள், அத்தகைய குடிமகன் வீடு, மனை, கடை வாங்கலாம்; வேளாண் நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்கக்கூடாது என்றன.

திறந்திருந்த வழி சட்டத்தின் 6(5) பிரிவு. இந்தியாவில் வசித்த காலத்தில் வாங்கிய சொத்தையும், இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தையும் வெளிநாட்டில் இருப்பவர் வைத்திருக்கலாம் என்கிறது அது. இறப்பினால் உரிமை கைமாறுவதை மட்டும் அனுமதித்து, பத்திரம் எழுதிக் கைமாற்றுவதை அடைத்த இடம் இதுதான்.

2018இல் ரிசர்வ் வங்கி இந்த விதிகளைத் திருத்தி எழுதியது. 2019 அக்டோபரில் அதிகாரம் மத்திய அரசுக்கு மாறியது. அப்போது வெளியான கடன் அல்லாத முதலீட்டு விதிகளின் 24ஆம் விதியே இன்றும் வழிகாட்டி. விளைநிலத்தைப் பொறுத்தவரை அது சொல்வது இவ்வளவுதான்: விலைக்கு வாங்கக்கூடாது, உறவினரிடமிருந்துகூடத் தானமாகப் பெறக்கூடாது, வாரிசாகப் பெறலாம், இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும் விற்கலாம் அல்லது கொடுக்கலாம். இன்னொரு வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கொடுக்க வழியில்லை.

இந்தக் கடைசி வரிதான் குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாபநாசம் பக்கம் ஒருவர் தாமே சம்பாதித்த 6 ஏக்கர் நஞ்சையை விட்டு, உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும் மூத்த மகனும் ஊரில் இருக்கிறார்கள்; மகள் சிங்கப்பூரில், இளைய மகன் துபாயில். பிள்ளைகள் மூவரும் இந்தியக் குடிமக்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். வாரிசுச் சான்றை வைத்துக் கூட்டுப் பட்டா வாங்குவதுவரை சிக்கலில்லை.

மகள் தன் பங்கைத் துபாய்த் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க நினைக்கிறாள். ‘கூடப் பிறந்தவனுக்குத்தானே’ என்று வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் கொடுப்பவரும் பெறுபவரும் வெளியே வசிப்பதால் இது 24ஆம் விதி அடைத்த கைமாற்றம். ஊரில் உள்ள அண்ணனுக்கு எழுதினால் தடையில்லை. பாகப்பிரிவினையிலும் இதே கவனம் வேண்டும். அவரவர் ஒன்றரை ஏக்கரை எல்லை பிரித்து எடுத்துக்கொள்வது ஏற்கெனவே வந்த உரிமையைத் தனிப்படுத்துவதே. துபாய்த் தம்பி பணம் கொடுத்துக் கூடுதலாக அரை ஏக்கர் எடுத்தால், அந்த அரை ஏக்கர் விலைக்கு வாங்கியதாகவே பார்க்கப்படும் என்பது என் வாசிப்பு.

சார்பதிவகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் சோதனையைக் கடந்துவிட்டது என்று ஆகாது. தவறு பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, நிலத்தை விற்று NRO கணக்கில் போட்ட பணத்தை வெளியே அனுப்பக் கேட்கும்போதுதான் தலைகாட்டும். வாரிசுச் சொத்து விற்ற பணத்தில் ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆனால் நிலம் கைக்கு வந்த விதத்துக்கு வங்கி ஆதாரம் கேட்கும். மீறலுக்கான தண்டம் சொத்து மதிப்பின் மூன்று மடங்கு வரை போகலாம். தாமாக முன்வந்து ரிசர்வ் வங்கியிடம் இணக்கத் தீர்வுக்கு விண்ணப்பிக்க 15ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இன்னொரு முடிச்சு 2019இல் விழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், பாபு ராம் எதிர் சந்தோக் சிங் வழக்கில், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வேளாண் நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன்வாரிசு தன் பங்கை விற்க முன்வந்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு என்பதே அந்தப் பிரிவு. நம் குடும்பத்து அண்ணன் தன் ஒன்றரை ஏக்கரை வெளியாருக்கு விற்கப் புறப்பட்டால், சிங்கப்பூர்த் தங்கைக்கும் அந்த முன்னுரிமை உண்டு. ஆனால் அக்டோபர் விதிகளின்படி அவளால் விளைநிலம் வாங்க முடியாது. ஒரு சட்டம் கொடுத்த உரிமையை இன்னொரு சட்டம் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. அப்பாவின் வயலைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு மகளுக்கு இது அநீதியாகவே எனக்குப் படுகிறது. அவள் ஊருக்கே திரும்பி வந்து நிலையாக வசிக்கத் தொடங்கினால் இந்தத் தடை நீங்கும்.

தாயின் பங்கு வேறு வழியில் நகர்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது மூத்தவனுக்கு மட்டுமே செட்டில்மெண்ட் எழுத முடியும். எழுதாமல் இறந்தால் அந்த ஒன்றரை ஏக்கர் மூன்றாகப் பிரிந்து, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஏக்கர் ஆகிறது. அவர் இந்தியாவில் வசித்தவர் என்பதால் 6(5) பிரிவு வெளிநாட்டுப் பிள்ளைகளையும் காக்கிறது.

அடுத்த தலைமுறையில்தான் சங்கிலி அறும் அபாயம். மகள் சிங்கப்பூரிலேயே இறந்தால், நிலம் வெளியே வசித்தவரிடமிருந்து அவள் பிள்ளைக்குப் போகிறது. அங்கே 6(5) உதவாது. அவன் இந்தியக் குடிமகனாகவோ, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகனுக்கான ஓ.சி.ஐ. அட்டை பெற்றவனாகவோ இருந்தால் 24ஆம் விதி அவனை ஏற்கும். அவன் தாய் அந்த நிலத்தை அன்றைய சட்டப்படி அடைந்தாள் என்பதைக் காட்ட, தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பழைய பட்டாவும் வேண்டும். அவன் சிங்கப்பூர்க் குடிமகனாகி அந்த அட்டையும் வாங்காமல் விட்டிருந்தால், இந்த விதியின் கதவு அவனுக்குத் திறக்காது. ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டியவனாகிறான்.